ஒரே அடுப்படியில் வெங்காயம் பூண்டு தவிர்ப்பவர், சர்க்கரை உள்ளவர், கோதுமை ஆகாதவர்: என்ன சமைப்பது, எப்படிக் காப்பது?

வாசுகி, குமுளி

அனைவருக்கும் வணக்கம். குமுளியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்குக் கொடுத்து வருகிறோம். சொந்த ஊர் கம்பம் என்பதால் காய்கறி அங்கிருந்து வருகிறது. சமையலை நானும் என் நாத்தனாரும் பார்த்துக்கொள்கிறோம். மார்கழி நடுவில் அகமதாபாத்திலிருந்து ஒன்பது பேர் கொண்ட ஒரு குடும்பம் இரண்டு இரவுகள் தங்க வருகிறது. அவர்களில் தாத்தாவும் பாட்டியும் ஜைனர்கள்; வெங்காயம், பூண்டு கூடவே கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். மருமகளின் தந்தை இன்சுலின் போட்டுக்கொள்பவர். பதினான்கு வயதுப் பேத்திக்குச் சீலியாக் என்னும் நோய் இருப்பதால் கோதுமை சிறிதும் சேரக்கூடாதாம். மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு ஒன்றுமில்லை; கேரளப் பரோட்டா வேண்டும் என்று மட்டும் ஆசையாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறார்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே சமையலறை. மூன்று பர்னர் அடுப்பு, ஒரு கிரைண்டர், இரண்டு ஜார் உள்ள ஒரு மிக்ஸி, இரண்டு இரும்புக் கல் உள்ளன. தினமும் மாலையில் சப்பாத்தி போடுவது வழக்கம். ஜைனர்களுக்கு வெங்காயமில்லாத சாம்பார், சர்க்கரை உள்ளவருக்குச் சப்பாத்தி, சிறுமிக்கு இட்லி என்று மூன்று விதமாகச் சமைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். இது சரியாக வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சாமி, புனலூர்

சாமி சரணம். மார்கழி மாதம் என்றால் எங்கள் பக்கம் மாலை போட்டவர்களின் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைப்பதில் பெரிய சிரமமில்லை. அசைவம் சமைத்த பாத்திரத்தைத் தொடாமல், குளித்துவிட்டு அடுப்பு ஏற்றி, தாளிப்பில் பெருங்காயத்தைச் சற்றுத் தாராளமாகப் போட்டால் பூண்டு இல்லாத குறையே தெரியாது. சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் வைத்து, கூடவே கோதுமை ரவை உப்புமாவும் செய்தால் விரதக்காரர், சர்க்கரைக்காரர் இருவருக்கும் ஒரே வேலையில் முடிந்துவிடும்.

மாடசாமி, செங்கோட்டை

சாமி விரதச் சாப்பாட்டைச் சொல்கிறார். அம்மா கேட்டது வேறு. நான் பந்திச் சமையல் எடுத்துச் செய்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒன்பது பேருக்கு மூன்று சமையல் வைத்தால் இரண்டு பெண்களால் தாங்க முடியாது. பரிமாறும்போது கரண்டி மாறிப் போகும். எல்லோருக்கும் பொதுவாகக் கேழ்வரகில் இறங்கிவிடுங்கள். கேழ்வரகில் கோதுமைச் சத்து இல்லை, வெங்காயம் தேவையில்லை, சர்க்கரைக்கும் நல்லது. களி, புட்டு, அடை என்று என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

கோதுமை விஷயத்தில் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மாவு தின்னக் கொடுத்தால்தானே கெடுதல்? கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சப்பாத்தியை ஓர் ஓரமாகப் போட்டுக்கொண்டால் போதும். கொதிக்கிற சூட்டில் எதுவும் நிற்காது.

மீனாட்சி, கொழிஞ்சாம்பாறை

வாசுகி அக்காவுக்கு வணக்கம். என் இளைய மகனுக்குச் சீலியாக் இருப்பது நான்கு வயதில் தெரிந்தது. இப்போது கல்லூரிக்குப் போகிறான். ஆகவே இந்த ஒன்றைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல முடியும்.

அண்ணாச்சி இரண்டு இடங்களில் தவறுகிறார். குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கும் புரதம், கிருமி அல்ல. சூட்டில் சாகாது, கொதியில் கரையாது, கிருமிநாசினி தெளித்தாலும் போகாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்து அகற்றினால்தான் போகும். தேய்க்க முடியாத இடத்தில் அது அப்படியே இருக்கும். எண்ணெய் ஏறிக் கறுத்த இரும்புக் கல், சப்பாத்திப் பலகை, மரக்கரண்டி, மாவுச் சல்லடை ஆகியவை அந்த வகை. அடுத்தது அளவு. குளூட்டன் இல்லாதது என்று பொட்டலத்தில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் உள்ள வரம்பு. ஒரு கிராம் கோதுமை மாவிலேயே ஏறத்தாழ 80 மில்லிகிராம் இருக்கிறது. கல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாவுத்தூள் எவ்வளவு தொலைவு போகும் என்பதை இதைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். சாப்பிட்ட உடனே உடம்பு தடித்து வீங்கும் ஒவ்வாமை இது அல்ல. சிலருக்கு மறுநாள் வயிறு கெடும். சிலருக்கு வெளியில் ஒன்றுமே தெரியாது, ஆனால் உள்ளே குடலின் உட்சுவர் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ‘சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை’ என்பது நாம் சரியாகச் செய்தோம் என்பதற்குச் சாட்சி ஆகாது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெங்காயம், பூண்டு இல்லாத சமையலுக்கு எல்லோரும் நம்புவது பெருங்காயத்தை. கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூளிலும் பல கட்டிப் பெருங்காயங்களிலும் அசல் பிசின் கொஞ்சம்தான்; மீதி கருவேலம் பிசினும் மாவும். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. ஆக, தாத்தா பாட்டிக்காக நீங்கள் அக்கறையோடு வைக்கும் சாம்பாரே பேத்திக்கு ஆகாததாகிவிடுகிறது. அதேபோல் சர்க்கரை உள்ளவருக்காகப் போடும் சப்பாத்தியின் மாவுதான் சமையலறை முழுவதும் பறக்கிறது. மூன்று விதமாகச் சமைத்தால் ஒன்றுக்குச் செய்யும் நன்மை மற்றொன்றுக்குக் கெடுதலாக முடியும் என்பதால், நான் மூன்று சமையலை ஒப்புக்கொள்ளவில்லை. கோதுமையும் வெங்காயமும் இல்லாத ஒரே சமையலை எல்லோருக்குமாகச் செய்யுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு வேண்டிய மாற்றத்தை அளவிலும் நேரத்திலும் செய்துகொள்ளலாம்; அவருக்கென்று தனிப் பண்டம் தேவையில்லை.

ரமணன், நகரி

மீனாட்சி அம்மா கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். என் தந்தைக்கு இன்சுலின் உண்டு. புத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் இரவுப் பந்தி எட்டு மணிக்கு என்றார்கள். அதை நம்பி ஏழே முக்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டார். பந்தி ஒன்பதரைக்குத்தான் போட்டார்கள். அதற்குள் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, பேச்சுக் குழறத் தொடங்கிவிட்டது. சர்க்கரை நோயாளி என்றவுடன் இனிப்பு கொடுக்காமல் இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். சொன்ன நேரத்துக்குச் சோறு வராமல் போவதுதான் விருந்து வீட்டில் நடக்கும் பெரிய ஆபத்து.

ஆகவே அந்தப் பெரியவரிடம் என்ன சாப்பிடுவார் என்பதற்கு முன்பாக, வழக்கமாக எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், ஊசியைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு போடுவார், கூடவே என்ன மாத்திரை உண்டு என்று கேளுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் நேரம் தவறினால் சர்க்கரையை இறக்கிவிடும். சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் ஊசி போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவருடைய மருத்துவர் சொன்னபடி நடக்க வேண்டியது. நீங்கள் சொன்ன நேரத்தை மட்டும் தவற விடாதீர்கள்.

அவருக்கு நல்லது செய்வதாக எண்ணிச் சோற்றை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. வழக்கமான உணவுக்கான அளவு ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் காய்கறியை மட்டும் சாப்பிட்டால் அப்போதும் இறங்கிவிடும். எதில் எவ்வளவு மாவுச்சத்து என்று சொல்லிவிட்டு, அளவை அவரையே எடுத்துக்கொள்ள விடுங்கள்.

மாடசாமி, செங்கோட்டை

பெருங்காயத்தில் மைதா என்பது எனக்குப் புதிய செய்தி. கடையில் போய் இரண்டு டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் கோதுமை மாவு என்றே அச்சிட்டிருக்கிறது, மற்றொன்றில் அரிசி மாவு என்றிருக்கிறது. அந்த அளவில் அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு பானை சாம்பாரில் ஒரு சிட்டிகைதானே போடுகிறோம், அது ஒன்பது பேருக்குப் பிரிகிறது, ஒருவர் இலைக்கு எவ்வளவு வந்துவிடும் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

கேழ்வரகைப் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மீனாட்சி, கொழிஞ்சாம்பாறை

சிட்டிகைக் கணக்கு நியாயமான கேள்விதான், அண்ணாச்சி. ஓர் இலைக்கு வருவது மிகக் கொஞ்சமாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சிறுமி அன்று உண்ணப்போவது சாம்பார் மட்டுமல்ல. ரசத்தில் ஒரு சிட்டிகை, ஊறுகாயில் ஒரு சிட்டிகை, கூட்டில் ஒரு சிட்டிகை, அப்பளத்தின் மேல் தூவிய மாவு என்று நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். தவிர்க்க முடியாத துளி ஒன்று எங்கிருந்தாவது வரத்தான் செய்யும். தவிர்க்கக்கூடியதை ஏன் நாமே கை நிறைய எடுத்துப் போட வேண்டும்? அரிசி மாவு கலந்தது கிடைத்தால் வாங்குங்கள். அதிலும் ‘கோதுமை அடங்கியது’ என்ற எச்சரிக்கை வரி கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டலத்தில் அடைத்த பொருளானால் அந்த வரியைப் போடுவது சட்டப்படி கட்டாயம்.

கேழ்வரகுக்கு வருகிறேன். தானியமாக அது குற்றமற்றது. குற்றம் மில்லில் இருக்கிறது. எங்கள் ஊர் அரவை மில்லில் ஒருவர் கோதுமையை அரைத்து முடித்ததும் அதே இயந்திரத்தில் அடுத்தவரின் கேழ்வரகைக் கொட்டுகிறார்கள். முதலில் விழும் இரண்டு பிடி மாவைக் கையில் எடுத்துப் பாருங்கள், கேழ்வரகின் நிறத்தைவிட வெளுத்திருக்கும். என் மகனுக்கு மூன்று மாதம் வயிறு சரியாகாமல் இருந்தபோது வீட்டில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கடைசியாக மில்லில் வந்து நின்றோம். அரிசி மாவு, புட்டு மாவு, கடலை மாவு, மிளகாய்த்தூள், மல்லித்தூள் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அன்றிலிருந்து ஈரமாக அரைக்க வேண்டியதை வீட்டு கிரைண்டரிலும், பொடியை மிக்ஸியிலும் அரைக்கிறேன். அரைப்பதற்கு முன் அகலமான எவர்சில்வர் தட்டில் பருப்பையும் தனியாவையும் ஒரே பரப்பாகப் பரத்திப் பார்க்க வேண்டும். சில்லறையாக வாங்கிய தனியாவில் கோதுமை மணி கலந்து வருவதுண்டு. நீளவாக்கில் நடுவே கோடு விழுந்த மணியை உருண்டையான தனியாவின் நடுவில் கண்ணால் கண்டுபிடித்துவிடலாம். பொறுக்கிய பிறகு மூன்று தண்ணீரில் கழுவுங்கள்.

கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்பதும் பாதி உண்மைதான். நைசாக அரைத்துக் கூழாகவோ களியாகவோ குடித்தால் அதுவும் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். ரமணன் தம்பிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ரமணன், நகரி

ஆமாம், அம்மா. எங்கள் பக்கம் சங்கட்டி என்று கேழ்வரகுக் களி தினமும் உண்டு. தந்தைக்குக் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்ததில், சோற்றுக்கும் சங்கட்டிக்கும் இரண்டு மணி நேரம் கழித்துப் பெரிய வேறுபாடு இல்லை. பருப்பும் காயும் கூடுதலாகச் சேர்ந்த அடையோ பெசரட்டோ சாப்பிட்ட நாளில்தான் எண் அடங்கியிருந்தது. சப்பாத்தியும் அப்படித்தான், சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் பயன் ஒன்றுமில்லை.

கிச்சா, கல்பாத்தி

நாற்பது வருடமாகக் கோயில் பந்திக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் கரண்டி பிடித்தவன் என்ற முறையில் பட்சணப் பட்டியலை நான் சொல்கிறேன். மீனாட்சி சொன்ன ‘ஒரே சமையல்’ என்பதுதான் சரியான வழி. நம் பாலக்காட்டுச் சமையலிலேயே அதற்கான பண்டங்கள் இருக்கின்றன. வெங்காயமும் பூண்டும் நீக்கிய சாம்பார் என்று ஒன்றைக் குறைத்துச் செய்வதைவிட, பிறவியிலேயே அவை இல்லாத பண்டத்தை எடுத்துக்கொண்டால் சுவையில் குறை தெரியாது. ஓலனில் வெள்ளைப்பூசணி, வன்பயறு, பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், கறிவேப்பிலை, மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் அவ்வளவுதான். பெருங்காயம்கூட அதற்குக் கிடையாது.

ஆனால் வாசுகி ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜைனர் என்றால் வெங்காயம், பூண்டோடு நிற்காது. மண்ணுக்கடியில் விளையும் உருளை, கேரட், சேனை, சேம்பு, பச்சை இஞ்சி ஆகியவையும் பலருக்கு ஆகாது. மஞ்சள்தூளும் சுக்கும் பெரும்பாலோர் சேர்த்துக்கொள்கிறார்கள். கடுமையாக அனுசரிப்பவர்கள் முந்தைய நாள் மீந்ததைத் தொட மாட்டார்கள். அந்தக் கணக்கில் இரவு முழுவதும் புளித்த இட்லி மாவும் விலக்கு ஆகிவிடும். பருப்போடு காய்ச்சாத தயிர் சேர்வதும் அவர்களுக்கு விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அஸ்தமனத்துக்குப் பிறகு சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். மார்கழியில் மலையோரத்தில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இரவுக்கு அடையும் அவியலும்தான் என் யோசனை. அடைக்குப் புளிக்க வைக்க வேண்டாம். மதியம் ஊறப்போட்டு மாலையில் அரைத்து உடனே வார்க்கலாம். ஒன்பது பேருக்குப் புழுங்கலரிசி 400 கிராம், கடலைப்பருப்பு 250 கிராம், துவரம்பருப்பு 250 கிராம், உளுந்து 100 கிராம் என்று மொத்தம் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு அரிசியைவிடக் கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். சர்க்கரை உள்ளவருக்காகத்தான் இந்தக் கணக்கு. வரமிளகாய், சீரகம், உங்கள் ஊர் மிளகு, நிறையக் கறிவேப்பிலை, துருவிய தேங்காய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் இருபத்தைந்து அடை வரும். ஓர் அடையில் மாவுச்சத்து ஏறத்தாழ 25 கிராம் இருக்கும் என்று அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அவியலுக்கு முருங்கை, வெள்ளைப்பூசணி, புடலை, அவரை, கொஞ்சம் வாழைக்காய் போதும். சேனையும் கேரட்டும் வேண்டாம். பருப்பு அடையோடு சேர்வதால் தயிர் ஊற்றாமல், வெட்டிப் போட்ட காய் பாதி வெந்ததும் நீர்க்கக் கரைத்த புளியை விட்டு, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் ஒன்றிரண்டாக அரைத்துச் சேருங்கள். தெற்குப் பக்கத்தில் மாங்காய் போட்டுப் புளிப்பேற்றுவது உண்டு, மார்கழியில் மாங்காய் கிடைக்காது. மதியத்துக்கு மட்டை அரிசிச் சோறு, ஓலன், பீன்ஸ் தோரன், பூசணி எரிசேரி வைக்கலாம். வன்பயற்றை முதல் நாள் இரவே ஊறவைக்காமல் காலையில் வெந்நீரில் இரண்டு மணி நேரம் போட்டுக் குக்கரில் வேகவையுங்கள். பாயசம் வேண்டுமானால் பால் பாயசம். சேமியா கோதுமைதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மீனாட்சியோடு எனக்கு உடன்பாடில்லை. பெருங்காயம் இல்லாத அடை வாசனை குறைந்ததுதான். மாவு கலக்காத பால் பெருங்காயம் நல்ல நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். அதில் மிளகளவு எடுத்து நெய்யில் பொரித்துப் போடலாம்.

மீனாட்சி, கொழிஞ்சாம்பாறை

ஐயா, நாட்டுமருந்துக் கடையில் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதில் பெயர்ச்சீட்டே இருக்காது. கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி நான் வாங்க மாட்டேன். அடையில் மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாக இருந்தால் போதும் என்பதே என் அபிப்பிராயம். மூடி முத்திரையிட்ட டப்பாவில், உள்ளடக்கம் அச்சிட்டுக் கிடைத்தால் சேர்க்கலாம்.

வாசுகி, குமுளி

எல்லோருக்கும் மிக்க நன்றி. குடும்பத்தாரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். தாத்தாவும் பாட்டியும் கிழங்கு வகைகளைச் சேர்ப்பதில்லை, அஸ்தமனத்துக்கு முன் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். ஆனால் பயணத்தில் இட்லி சாப்பிடுவார்களாம். இன்சுலின் போடும் பெரியவர் வழக்கமாக இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுபவர். இப்போது சிக்கல் இதுதான். ஐந்தரைக்குப் பந்தி போட்டால் அவருடைய நேரம் கெடுகிறது. எட்டுக்குப் போட்டால் தாத்தா பாட்டி உண்ண முடியாது. சமையலறையைச் சுத்தம் செய்வதை எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதையும் மீனாட்சி சொன்னால் நன்றாக இருக்கும். பரோட்டாவை என்ன செய்வது?

மீனாட்சி, கொழிஞ்சாம்பாறை

அக்கா, கோதுமை மாவு காற்றில் எழும்பினால் அடங்கப் பல மணி நேரம் ஆகும். திறந்த பாத்திரம், அலமாரி, அடுப்பு மேடை என்று எல்லாவற்றிலும் படியும். அதனால் அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் காலையோடு சப்பாத்தி மாவு பிசைவதை நிறுத்திவிடுங்கள். மாவு டின், ரவை, சேமியா, பலகை, குழவி, சல்லடை அனைத்தையும் ஒரு சாக்கில் கட்டிச் சமையலறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். அன்று மாலை மேடையையும் அலமாரித் தட்டையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு சோப்பு நீரில் கழுவுங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் மாவு இடம் மாறுமே தவிரப் போகாது.

பாத்திரம் தேய்க்கும் நாரைப் புதிதாக மாற்றுங்கள். பழைய நாரைப் பிரித்துப் பார்த்தால் சப்பாத்தி மாவு நூல் நூலாகத் திரண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதைக் கொண்டு தேய்க்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாவு பூசப்படுகிறது. மிக்ஸி ஜாரின் மூடியில் உள்ள ரப்பர் வாஷரைக் கழற்றி அதன் பள்ளத்தைப் பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேயுங்கள். பூண்டு வாசனையும் அந்த ரப்பரில்தான் குடியிருக்கும் என்பதால் தாத்தா பாட்டிக்கும் சேர்த்து இந்த வேலை முடிகிறது. வாசனை போகவில்லை என்றால் வாஷரை மட்டும் புதிதாக வாங்கிவிடலாம்.

இரும்புக் கல்லை மட்டும் எப்படிக் கழுவினாலும் நம்ப மாட்டேன். புதிதாக ஒரு தோசைக்கல், இரண்டு எவர்சில்வர் கரண்டி, ஒரு வடிதட்டு வாங்கி, பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அஞ்சறைப்பெட்டியையும் அந்த இரண்டு நாளைக்கு ஒதுக்குங்கள். மாவுக் கையோடு கடுகு எடுத்த பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. புதிய பொட்டலத்தைப் பிரித்துச் சிறு கிண்ணங்களில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெயும் அப்படியே. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் அப்பளத்தில் மாவு ஏறிவிடும். ஊறுகாய்க்குக் கடைச் சரக்கு வேண்டாம். பெருங்காயமோ பூண்டோ பெரும்பாலும் அதில் இருக்கும். எலுமிச்சையை நறுக்கி உப்பும் மிளகாயும் போட்டு நீங்களே செய்துவிடுங்கள்.

பரோட்டாவை வீட்டில் போடாதீர்கள். வெளிக்கடையில் வாங்கி வந்து, சமையலறைக்குள் கொண்டு போகாமல், தாழ்வாரத்தில் வேறு மேசையில், எல்லோரும் உண்டு முடித்த பின் பரிமாறுங்கள். சாப்பிட்டவர்கள் கை கழுவிய பிறகே மற்ற பாத்திரங்களைத் தொட வேண்டும். பந்திக்கு வாழையிலை போடுவது மிகவும் நல்லது. தட்டைப் பற்றிய கவலையே இல்லாமல் போகும். சிறுமிக்கு முதலில் பரிமாறிவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.

ரமணன், நகரி

பந்தி நேரத்துக்கு என் யோசனை இது. ஒன்பது பேரும் கூடி உண்பதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஐந்தரைக்கு ஒரு பந்தி, எட்டுக்கு ஒரு பந்தி என்று பிரித்தால் யாருடைய வழக்கமும் கெடாது. அடை மாவில் பெரியவருக்கு வேண்டியதை எடுத்துக் குளிர்பெட்டியில் மூடி வைத்து, எட்டு மணிக்குச் சுடச்சுட வார்த்துக் கொடுங்கள். பரோட்டா வெளியிலேயே இருப்பதால் அப்போதும் உங்கள் கல் சுத்தமாகவே இருக்கும். பரிமாறும்போது அவியலை முதலில் வைத்து, அவர் அதில் பாதியை உண்ட பிறகு அடையை வையுங்கள். காயை முதலில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

வீட்டில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் தூள் இருக்கட்டும். நடுக்கமோ வியர்வையோ வந்தால் மூன்று தேக்கரண்டி தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். வீட்டில் சாதாரணச் சர்க்கரை இருக்கும்போது குளுக்கோஸ் எதற்கு என்று கேட்கலாம். வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை உடைந்து இரத்தத்தில் சேர நேரமாகும். குளுக்கோஸ்தான் உடனே வேலை செய்யும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

எஸ்தர், வண்டிப்பெரியாறு

இவ்வளவையும் படித்த பிறகு என் கருத்தைச் சொல்கிறேன். நாங்களும் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். தினமும் பரோட்டாவும் சப்பாத்தியும் நடக்கும் அடுப்படியில் சீலியாக் உள்ளவரை ஏற்பதே தவறு என்பது என் முடிவு. வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி மறுத்துவிடுகிறேன். இரண்டு நாளைக்கு ஒழுங்காக இருந்துவிடலாம். ஆனால் வேலைக்கு வரும் பெண் பழக்கதோஷத்தில் பழைய நாரை எடுத்துவிட்டால் யார் பொறுப்பு?

மீனாட்சி, கொழிஞ்சாம்பாறை

எஸ்தர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தினந்தோறும் ஆட்கள் மாறும் பெரிய விடுதியானால் நானும் அதையே சொல்வேன். ஆனால் எல்லோரும் மறுத்தால் என் மகனைப் போன்றவர்கள் எங்கேயும் போக முடியாமல் போய்விடும். வாசுகி அக்கா வீட்டில் சமைப்பவர்கள் இருவர் மட்டுமே, விருந்தினர்களும் ஒரே குடும்பம். செய்யக்கூடியதுதான். ஆனால் ‘குளூட்டன் இல்லாத உணவு’ என்று உறுதி கொடுக்காதீர்கள். ‘கோதுமை புழங்கும் சமையலறை; இரண்டு நாள் நிறுத்தி, இன்னின்னவற்றைச் சுத்தம் செய்து, இந்தப் பொருள்களைக் கொண்டு சமைக்கிறோம்’ என்று உள்ளதை எழுதி அனுப்புங்கள். முடிவைத் தாய் எடுக்கட்டும்.

எஸ்தர், வண்டிப்பெரியாறு

எழுதி அனுப்புவது சரிதான். ஆனாலும் அந்தப் பொறுப்பை ஏற்க நான் துணிய மாட்டேன்.

வாசுகி, குமுளி

மீனாட்சி சொன்னபடி சமையலறையின் நிலையை எழுதி, நாங்கள் வாங்கி வைத்த பொருள்களின் பெயர்ச்சீட்டுகளைப் படம் பிடித்துச் சிறுமியின் தாய்க்கு அனுப்பினேன். அவர் பெருங்காயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்; பெருங்காயத்தை ஊரிலிருந்து தாமே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அடையில் சேர்க்கப் போவதில்லை. மதியம் ஒரே பந்தி, இரவு இரண்டு பந்தி என்பதற்கும் ஒப்புக்கொண்டார்கள். பரோட்டாவுக்குக் கடைத்தெருவில் சொல்லி வைத்தாயிற்று. சிவப்பு நூல் கட்டிய கல்லை இன்று பழக்கி எடுக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. காலையில் புட்டு கேட்கிறார்கள். மில் மாவு வேண்டாம் என்றால், மட்டை அரிசியை ஊறவைத்து உலர்த்தி மிக்ஸியில் அரைத்தால் புட்டுக்கு வேண்டிய பதம் கிடைக்குமா?

கிச்சா, கல்பாத்தி

மட்டை அரிசி வேண்டாம். அது புழுங்கல் என்பதால் மிக்ஸியில் ஒரே சீராக உடையாது. சிவப்புப் பச்சரிசியாக வாங்குங்கள். மூன்று மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் அரைமணி பரப்பி, கையில் ஈரம் ஒட்டாமல் ஆனால் பிடித்தால் குளிர்ச்சி தெரியும் பதத்தில் இரண்டு பிடி இரண்டு பிடியாகப் போட்டு விட்டு விட்டு அரையுங்கள். சலிப்பதற்குப் புதிய சல்லடை வேண்டும். பிறகு அடி கனமான உருளியில் ஆவி அடங்கும் வரை வறுத்துவிட்டால் இரண்டு நாளைக்குக் கெடாது. சர்க்கரை உள்ளவருக்குப் புட்டு அரைக் குற்றி, கடலைக்கறி இரண்டு கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலைக்கறிக்கு வெங்காயத்துக்குப் பதிலாக வறுத்து அரைத்த தேங்காய் போதும்.

ரமணன், நகரி

காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதையும் முதல் நாள் இரவே பெரியவரிடம் சொல்லிவிடுங்கள், அக்கா.